சுவர் நகர்ந்தால் பரப்பளவும் மாறட்டும்

வீட்டு வரைபடத்தில் சுவரை ஓரடி தள்ளி வைப்பது நொடி வேலை. அதன்பின் அறையின் நடுவே எழுதிய பரப்பளவு, பட்டியலில் உள்ள எண், அடியிலுள்ள மொத்தம் எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மதிப்பீடு தவறும். ஆட்டோகேடில் எண்ணைத் தட்டச்சு செய்யாமல் ஃபீல்டாக வைத்தால் இந்தத் திருத்தங்கள் தேவையில்லை.

மில்லிமீட்டரில் வரைந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடம் 4500 × 6000, படுக்கையறை 3000 × 3600, சமையலறை 2700 × 3000. ஒவ்வொரு அறையின் உள்சுவரை ஒட்டியும் மூடிய பாலிலைன் வரையுங்கள். பிறகு `TABLE` கட்டளையால் அட்டவணை அமைத்து, பரப்பளவுக் கட்டத்துக்குள் சென்று, வலது சொடுக்கில் `Insert Field` தேர்ந்தெடுங்கள். அங்கே `Object` என்பதில் பாலிலைனையும் `Area` என்ற பண்பையும் காட்டினால் போதும். வருவது சதுர மில்லிமீட்டர். சதுர மீட்டராக்க `Additional Format` பகுதியில் மாற்றுக் காரணியாக 0.000001 கொடுங்கள். 27.00, 10.80, 8.10 என்று வரும்.

தலைப்பு வரிகள் இரண்டு போக, மொத்தத்துக்கான சூத்திரம் இது:

```
=Sum(B3:B5)
```

இந்தக் கட்டத்துக்கும் அதே காரணியைத் தர வேண்டும். காரணி மாற்றுவது காட்டப்படும் வடிவத்தை மட்டுமே. சூத்திரம் கூட்டுவது மூல மதிப்பை. காரணி தந்தால் 45.90 கிடைக்கும்.

இப்போது படுக்கையறையை 3300 ஆக அகலப்படுத்தி `REGEN` கொடுங்கள். 11.88, 46.98 என்று இரண்டும் மாறிவிடும். சுவரை நகர்த்திய கணமே எண் மாறாது. வழக்கமான அமைப்பில் கோப்பைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் அச்சிடும்போதும் ஃபீல்டுகள் புதுப்பிக்கப்படும். இடையில் பார்க்க வேண்டுமானால்தான் `REGEN`.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஃபீல்டு அளப்பது பாலிலைனை, சுவரை அல்ல. `STRETCH` செய்யும்போது இரண்டையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் பழைய எண்ணே நிற்கும். பாலிலைனை அழித்துவிட்டால் `####` தோன்றும். ஃபீல்டுக்குத் திரையில் சாம்பல் நிறப் பின்னணி உண்டு, அது அச்சில் வராது. அந்த நிறம் இல்லாத எண்ணை யாரோ கையால் தட்டியிருக்கிறார் என்று பொருள்.

தாள் தலைப்புக்கும் இதே வழிதான். ஷீட் செட் பயன்படுத்துவோர் தலைப்புக் கட்டத்தில் `CurrentSheetTitle` ஃபீல்டு வைத்தால், ஷீட் செட்டில் பெயரை மாற்றும்போது தாளிலும் மாறும். கதவு, ஜன்னல் பட்டியலைப் பிளாக்குகளிலிருந்து `DATAEXTRACTION` திரட்டித் தரும். ஆனால் அந்தப் பட்டியலை வலது சொடுக்கில் நீங்களே புதுப்பிக்க வேண்டும்.

தாளை அச்சுக்கு அனுப்புமுன் `REGEN` கொடுத்து, மொத்தத்தை ஒருமுறை கையால் கூட்டிப் பாருங்கள்.