சேலம் என்று தேடினால் சூனியக்காரி வருகிறாள்!

யூடியூபில் Salem என்று மட்டும் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ஏற்காடு அடிவாரமும் தட்டுவடை செட் கடையும் வரும் என்று எதிர்பார்த்தால், நடுவே சூனியக்காரிகளும் வந்து நிற்பார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு Salem இருக்கிறது. 1692-ல் சூனியம் வைத்ததாகச் சொல்லிப் பலரை விசாரித்துத் தூக்கிலிட்ட ஊர் அது. அந்த நாட்டிலேயே ஓரிகன் மாநிலத்துத் தலைநகரின் பெயரும் Salem-தான். போதாக்குறைக்கு இதே பெயரில் திகில் கதைகள், படங்கள்.

உச்சரிப்பு சரியாக இருக்கட்டுமே என்று Selam என்று மாற்றிப் போட்டால், அது துருக்கியில் வணக்கம் சொல்லும் வார்த்தை.

இப்போது ‘சேலம்’ என்று தமிழில் தேடுங்கள். வேறு நாடு குறுக்கே வருவது அரிது. அந்த மூன்று எழுத்துக்கு நம் ஊர்தான் முன்னால் வந்து நிற்கும்.

‘அப்படியானால் தலைப்பு முழுவதையும் தமிழிலேயே வைத்துவிட வேண்டியதுதானே’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் இறங்கினால் கதை தலைகீழாகிவிடும். காவிரிக் கரையில் இருக்கும் பரமத்தி வேலூரைச் சுற்றுவட்டாரத்தில் ‘வேலூர்’ என்றுதான் சொல்வோம். ஆனால் தமிழில் ‘வேலூர்’ என்று எழுதினால், கோட்டை இருக்கிற அந்த வேலூர்தான் முதலில் வந்து நிற்கும். எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆங்கிலத்தில்தான் அது Vellore, இது Velur. 2020 ஜூன் மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசு வெளியிட்ட ஆணை நினைவிருக்கலாம். அதில் Vellore, Veeloor ஆனது. Coimbatore, Koyampuththoor ஆனது. கேலியும் எதிர்ப்பும் கிளம்பி, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் அரசாலேயே ஊரை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. கையில் போனை வைத்திருக்கும் கோடிப் பேர் மட்டும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்களா என்ன?

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைப் பார்க்க, மோகனூர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் சிறுவிடைக்கோழி வளர்க்கும் ஓர் அக்காவைக் கற்பனை செய்துகொள்வோம். குஞ்சு விற்பதற்காக மகன் ஒரு சேனல் ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான். முதல் வீடியோவுக்கு அவன் வைத்த தலைப்பு, Amazing Village Chicken Farm Vlog. “ஏன்டா சாமி, இதுல கோழின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?” என்று அம்மா கேட்டால், “எல்லாரும் இப்படித்தாம்மா போடறாங்க” என்கிறான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. பெயர் முழுக்க ஆங்கிலம். ஆனால் அது சமையல். வயல்வெளியில் பெரிய அண்டாவில் குழம்பு கொதிப்பதைப் பார்க்க மொழியே வேண்டாம். பிரேசிலில் இருப்பவரும் பார்ப்பார். கோழிக்குஞ்சை பிரேசிலுக்கு அனுப்ப முடியாது. இந்த அக்காவிடம் வாங்கப்போகிறவர் ராசிபுரத்திலோ கரூரிலோ இருக்கிறார். அவர் என்ன தட்டுவார் என்பதுதான் கேள்வி.

‘நாட்டுக்கோழி’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியை nattu, naattu, naatu, natu என்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். பின்பாதியை kozhi, koli, kozi என்று மூன்று விதமாக. நான்கை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு. நடுவில் இடம் விட்டும் விடாமலும் என்றால் இருபத்து நான்கு. இதில் natu என்று போட்டால் ஆந்திரத்து ‘நாட்டு கோடி’ குழம்பும் சேர்ந்துகொள்ளும். அவர்கள் எழுதுவதும் natu-தான்.

தமிழில் எழுதினாலும் ஒரே சொல் இல்லை. நாட்டுக்கோழி, நாட்டுகோழி, நாட்டு கோழி, நாட்டுக் கோழி என்று நான்கு உண்டு. வல்லினம் மிகுமா மிகாதா என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கும் சந்தேகம் தேடல் பெட்டிக்குள்ளும் தொடர்கிறது. ஆனாலும் இருபத்து நான்கு எங்கே, நான்கு எங்கே? அதோடு, போனில் மைக்கை அழுத்திப் பேசித் தேடுபவர்கள் இருக்கிறார்கள். குரல் தேடலின் மொழி தமிழ் என்று வைத்திருந்தால், அவர்கள் பேசுவது தமிழ் எழுத்தாகத்தான் பெட்டியில் விழும். தட்டச்சு பழகாத பெரியவர்கள் பலரும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

‘எப்படி எழுதினாலும் கூகுளே புரிந்துகொள்கிறதே’ என்று கேட்கலாம். உண்மைதான், ஓரளவுக்கு. ஆங்கில எழுத்தில் தேடினாலும் பொருத்தமான தமிழ்ப் பக்கங்களைக் காட்டப்போகிறோம் என்று கூகுள் 2020 டிசம்பரில் அறிவித்தது. யூடியூபும் இப்படி ஊகிப்பதை நாமே தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஊகம் என்பது பழக்கத்தில் வருவது. ‘கோழி’ போல லட்சம் பேர் தேடும் சொல்லில் அது தேறிவிடும். ‘சிறுவிடை’ போன்ற தொழில் சொல்லில் தடுமாறும். அதிலும் பேச்சில் சிலர் ‘சிறுவெடை’ என்கிறார்கள், எழுதுவதும் அப்படியே. நம் அக்காவின் வாடிக்கையாளர் தேடுவதோ இந்த அபூர்வமான சொல்லைத்தான். கறிக்கு வாங்குபவர் நாட்டுக்கோழி என்று தேடுவார். வளர்க்க வாங்குபவர் சிறுவிடை என்றுதான் தேடுவார்.

ஆகவே தலைப்பை இப்படி மாற்றிப் பார்க்கலாம்:

சிறுவிடை நாட்டுக்கோழி குஞ்சு வளர்ப்பு | Siruvidai Nattu Kozhi | நாமக்கல்

யூடியூப் தலைப்புக்கு 100 குறிகள்வரை இடம் தருகிறது. நாம் எழுத்தை எண்ணுவதுபோல அது எண்ணாது. ‘நாட்டுக்கோழி’ நமக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி என்பதால் பன்னிரண்டு. அப்படி எண்ணினாலும் மேலே உள்ள தலைப்பு 72-ல் முடிந்துவிடுகிறது. போனில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால், வாங்குபவர் தேடும் சொல்லை முதலில் வைத்திருக்கிறோம். ஆங்கில எழுத்தில் எத்தனையோ வகை இருந்தாலும் ஒன்றே ஒன்றுதான் தலைப்பில் இருக்கிறது. நான்கைந்தை அடுக்கினால் படிக்கிறவருக்கு ஏதோ ஏமாற்று வேலைபோலத் தெரியும்.

மிச்ச எழுத்துகளுக்கு இடம் டேக் பெட்டி. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. மொத்தம் 500 குறிகள் போடலாம். டேக் போட்டால் வீடியோ பறக்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நிறைய. யூடியூபின் உதவிப் பக்கமோ, வீடியோவைக் கண்டுபிடிப்பதில் டேக்கின் பங்கு மிகக் குறைவு என்றும், மக்கள் அடிக்கடி தப்பாக எழுதும் சொற்களுக்குத்தான் அது பயன்படும் என்றும் சொல்கிறது. நம் கதைக்கு அந்த விதிவிலக்குதான் வேண்டும்! naattu koli, natu kozhi, siruvidai koli, சிறுவெடை, நாட்டு கோழி என்று ஊர் எழுதுகிற ‘தப்பு’களையெல்லாம் அங்கே போடுங்கள். அதே பட்டியலை வீடியோவுக்குக் கீழே விவரத்தில் கொட்டிவிடாதீர்கள். விவரத்தில் டேக்குகளைக் குவிப்பது யூடியூப் விதிக்கு எதிரானது, வீடியோவையே எடுத்துவிடக்கூடும்.

தமிழில் தட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வம்பும் உண்டு. அந்த அக்கா கௌதாரியும் வளர்க்கிறார் என்றால், ‘கௌதாரி’ என்பதில் வருவது ‘கௌ’ என்ற ஒரே எழுத்து. கீபோர்டில் அது அகப்படாமல் ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுபவர்கள் பலர். பார்க்க ஒன்றுபோல இருக்கும். கம்ப்யூட்டர் படிப்பதோ ‘கெ-ள-தாரி’. கர்சரை அந்த இடத்தில் வைத்து அழித்துப் பாருங்கள். ‘ள’ மட்டும் தனியாகக் கழன்று ‘கெ’ நின்றால், தட்டியது தப்பு.

மாற்றியது பலித்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோவின் Analytics-க்குப் போய், பார்வைகள் எங்கிருந்து வந்தன என்ற பட்டியலில் YouTube search என்பதைத் தொட்டால், எந்தெந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். ‘koli’ என்று தேடி வந்தவர்கள் அதிகமென்றால் தலைப்பில் kozhi-யை koli ஆக்கிவிடலாம். தமிழாசிரியர் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஏற்கெனவே போட்ட வீடியோவிலும் தலைப்பை மாற்றலாம், லிங்க் மாறாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஆடி நோன்பு, தீபாவளி சமயத்தில் கோழிக்கான தேடலே ஏறும். அதைத் தலைப்பின் மகிமை என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் வந்து சேர்ந்தவர்கள்தான். வேறு எழுத்தில் தேடி, நம்மைக் காணாமல் போனவர் அதில் இருக்க மாட்டார். அவரைக் கண்டுபிடிக்க, நம் கணக்கில் இல்லாத இன்னொரு போனில் தேடல் பெட்டியைத் திறந்து siru என்றும், பிறகு ‘சிறு’ என்றும் மெதுவாகத் தட்டி, கீழே என்னென்ன சொற்கள் விழுகின்றன என்று பார்க்கலாம். அவை பிறர் தேடிய சொற்களை ஒட்டி வருபவை. அதைவிட எளிய வழியும் இருக்கிறது. அடுத்த தடவை குஞ்சு வாங்க வருகிறவரிடம் போனைக் கொடுத்து, “ஏனுங்க, எங்க வீடியோவ எப்படித் தேடுனீங்க? கொஞ்சம் அதே மாதிரி அடிச்சுக் காட்டுங்க” என்று கேட்டுவிடுவதுதான்.