வெற்றியைச் சொல்லத் தெரிய வேண்டும்

போட்டியில் ஜெயித்த கையோடு மாணவர்கள் கைபேசியில் ஒரு பதிவு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுத வேண்டியதுதான். லிங்க்ட்இன்னில் போட்டால் நாளைக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் கண்ணில் படும். பாடம் சொன்ன ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் நல்ல மனதோடு எழுதிய பதிவே பல சமயம் தற்பெருமையாக ஒலித்து, வாழ்த்த வந்தவரை முகம் சுளிக்க வைக்கிறது.

எழுதுபவருக்கு இது தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். ஐரீன் ஸ்கோபெலிட்டி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், யோகிம் வோஸ்கராவ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தன் வெற்றியைச் சொன்னவர்கள், கேட்பவருக்கு வரும் மகிழ்ச்சியை அதிகமாகவும் எரிச்சலைக் குறைவாகவும் கணித்தார்கள். நம் சந்தோஷத்தில் நாம் மூழ்கியிருக்கும்போது, எதிரில் இருப்பவரும் அதே அளவு பூரிப்பார் என்று தோன்றிவிடுகிறது.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வது நல்லதா? அதுவும் இல்லை. வெற்றியை நெருங்கியவர்களிடம் மறைப்பது உறவைக் கெடுக்கிறது என்று 2021இல் அனபெல் ராபர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் கண்டார்கள். செய்தி பின்னால் தெரியவரும்போது, ‘நான் பொறாமைப்படுவேன் என்று நினைத்துவிட்டானே’ என்று நண்பர் மனம் புண்படுகிறது. ஆகவே சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதை ஒரு மாதிரிப் பதிவை வைத்தே பார்ப்போம்.

மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவர் அணி ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் வென்றிருக்கிறது. 2017 முதல் மத்திய அரசு நடத்திவரும் போட்டி அது. அமைச்சகங்களும் துறைகளும் தங்கள் நடைமுறைச் சிக்கல்களைக் கொடுக்க, மாணவர் அணிகள் தீர்வு உருவாக்க வேண்டும். அணிக்கு ஆறு பேர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் நடக்கும். வென்ற இரவில் அவர் எழுதிய வரைவு இது:

“சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பகிர்கிறேன்! லட்சக்கணக்கான மாணவர்களைத் தோற்கடித்து, ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் இந்திய அளவில் முதலிடம் பிடித்துவிட்டேன். 36 மணி நேரம் கண்ணை மூடவில்லை. ‘உன்னால் முடியாது’ என்று சொன்னவர்களுக்கு இதுதான் என் பதில். கடின உழைப்பு ஒருநாளும் தோற்காது. ஆதரவளித்த அனைவருக்கும் நன்றி.”

இதில் பொய் சொல்லும் எண்ணம் எங்கும் இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியும் யாரையாவது உறுத்தும்.

முதல் வரியில் இருக்கும் கூச்சத்தைப் பாருங்கள். கூச்சம் உண்மையானால் பதிவு வந்திருக்காது என்று படிப்பவருக்குத் தெரியும். அடக்கம் போலக் காட்டிப் பெருமை பேசுவதை ஓவுல் சேசரும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் ஆராய்ந்தார்கள். நேரடியாகப் பெருமை பேசியவர்களைவிட இப்படிச் சுற்றி வளைத்தவர்களைத்தான் மக்களுக்குப் பிடிக்கவில்லை. காரணம், அதில் உண்மை இல்லை என்ற உணர்வு. ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு, ‘ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது’ என்று நேராகச் சொல்லிவிடலாம். சந்தோஷத்தைச் சொல்வதை யாரும் தலைக்கனம் என்று நினைப்பதில்லை.

அடுத்தது ‘லட்சக்கணக்கான மாணவர்களைத் தோற்கடித்து’. இங்கே இரண்டு தவறுகள் இருக்கின்றன. முதலாவது, தகவல் பிழை. இந்தப் போட்டியில் ஒவ்வொரு சிக்கலுக்கும் தனித்தனியே வெற்றியாளர் உண்டு. இறுதிச் சுற்றில் ஓர் அணி மோதுவது அதே சிக்கலை எடுத்த சில அணிகளோடுதான். ஆகவே ‘இந்திய அளவில் முதலிடம்’ என்பது நடந்ததைவிடப் பெரிய சொல். போட்டியின் விதி தெரிந்த ஒருவர் படித்தால் அந்த ஒரு வரியால் மீதிப் பதிவையும் சந்தேகிப்பார். ‘இந்தச் சிக்கலுக்கான இறுதிச் சுற்றில் ஐந்து அணிகளில் எங்கள் அணி தேர்வானது’ என்று எழுதினால் செய்தி சிறுத்துப் போவதில்லை, நம்பும்படி ஆகிறது.

இரண்டாவது தவறு, ஒப்பீடு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக உளவியலாளர் வேரா ஹோரன்ஸும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் நன்றாகச் செய்கிறேன்’ என்றவரை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ‘மற்றவர்களைவிட நான் நன்றாகச் செய்கிறேன்’ என்றவரை விரும்பவில்லை. அந்த ‘மற்றவர்’ பட்டியலில் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். தோற்ற அணியில் இருந்த மாணவனும் இந்தப் பதிவைப் படிப்பான். ‘தோற்கடித்து’ என்ற சொல்லை எடுத்தால் வெற்றிக்கு ஒரு குறையும் வராது.

‘உன்னால் முடியாது என்றவர்களுக்குப் பதில்’ என்ற வரியும் போக வேண்டும். அப்படிச் சொன்னவர் ஒருவரோ இருவரோதான். படிப்பவர் நூறு பேரும் ‘என்னையா சொல்கிறாள்?’ என்று ஒரு நொடி யோசிப்பார்கள். கொண்டாட்டம் வழக்காக மாறிவிடுகிறது.

‘கடின உழைப்பு ஒருநாளும் தோற்காது’ என்ற வரி பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் பக்கத்து மேசையில் இருந்த அணியும் அதே 36 மணி நேரம் உழைத்தது; தோற்றது. உழைத்தால் தோற்க மாட்டோம் என்றால் அவர்கள் உழைக்கவில்லை என்றாகிறது. பொது நீதி சொல்வதற்குப் பதில் தன் அணிக்கு என்ன நடந்தது என்று சொன்னால் போதும்.

இவ்வளவையும் நீக்கிவிட்டால் பதிவில் என்ன மிஞ்சுகிறது? ஒன்றுமில்லை. அசல் வரைவின் பெரிய குறையே இதுதான். என்ன செய்தார்கள் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. செய்த வேலையைக் காட்டாத இடத்தில்தான் பெருமைச் சொற்கள் புகுந்துகொள்கின்றன. வேலையை விவரமாகச் சொன்னால் ‘இவர்கள் கெட்டிக்காரர்கள்’ என்ற முடிவுக்குப் படிப்பவரே வந்துவிடுவார்.

கடைசி வரியில் இருக்கும் நன்றியும் அப்படித்தான். ‘அனைவருக்கும் நன்றி’ என்றால் யாருக்கும் சேராது. யார், எந்த நேரத்தில், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். எரிக் வானெப்ஸ், ஐனவ் ஹார்ட், மாரிஸ் ஷ்வைட்சர் மூவரும் ஆராய்ந்தபோது, தன்னோடு உடன் இருந்தவரையும் சேர்த்துப் பாராட்டியவர், தன்னை மட்டும் பாராட்டியவரைவிட அன்பானவராகத் தெரிந்தார். திறமையிலும் யாரும் அவரைக் குறைத்து மதிக்கவில்லை.

இதை அளவு தாண்டிச் செய்யும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்றே எழுதிவிட்டால், வேலைக்கு எடுப்பவருக்கு இந்த மாணவியின் பங்கு என்ன என்று தெரியாமல் போகும். வென்றது அணி, ஆகவே வெற்றிக்கு ‘நாங்கள்’. தான் கட்டிய பகுதிக்கு மட்டும் ‘நான்’. அதை ஒரே ஒரு முறை, தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த அணி எடுத்த சிக்கல், கிராமக் குடிநீர்த் தொட்டியில் குளோரின் அளவைப் பதிவு செய்வது என்று கொள்வோம். திருத்திய பதிவு இப்படி வரும்:

“ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் எங்கள் அணி வென்றிருக்கிறது. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது! கிராமக் குடிநீரில் குளோரின் அளவைப் பதிவு செய்யும் சிக்கலுக்கு, இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து அணிகளில் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டேங்க் ஆபரேட்டர் சோதனைக் குழாயைப் படம் எடுத்தால் போதும். நீரின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து எங்கள் செயலி குளோரின் அளவைக் குறித்துக்கொள்ளும். இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். நிறத்தை அளக்கும் பகுதியை நான் எழுதினேன்.

முதல் மதிப்பீட்டில் வழிகாட்டி ஒருவர், ‘ஈரக் கையோடு அவர் எப்படி இதையெல்லாம் தட்டச்சு செய்வார்?’ என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்று இரவு என் அணித் தோழி திரைகளை எல்லாம் மாற்றி, பேசிப் பதிவு செய்யும் வசதியைச் சேர்த்தாள். அதுதான் எங்களைக் கரை சேர்த்தது.

மாலை வெளிச்சத்தில் எடுத்த படங்களில் அளவு இன்னும் தவறாக வருகிறது. எங்களோடு போட்டியிட்ட ஓர் அணி, குழாய்க்குப் பின்னால் வெள்ளை அட்டை வைத்துப் படம் எடுத்தது. நல்ல யோசனை, அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறோம். தினமும் தான் செய்யும் வேலையைத் தொட்டியடியில் நின்று பொறுமையாக விளக்கிய எங்கள் ஊர் ஆபரேட்டர் அண்ணனுக்கு நன்றி.”

நிஜப் பதிவில் தோழி, வழிகாட்டி, ஆபரேட்டர் என்ற இடங்களில் அவரவர் சம்மதத்தோடு பெயரை எழுத வேண்டும். வெற்றிச் செய்தி முதல் வாக்கியத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். லிங்க்ட்இன்னில் முதல் சில வரிகள்தான் கண்ணில் படும். மீதியைப் படிக்கத் தட்ட வேண்டும். செய்தியைக் கீழே ஒளித்துவைத்தால் ஆவலைத் தூண்டும் உத்தியாகத் தெரியும்.

மாலை வெளிச்சத்தில் வரும் பிழையைச் சொன்னதும் அடக்கத்துக்காக ஒட்டவைத்தது அல்ல. தான் கட்டியது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தெரிந்தவரைத்தான் அந்தத் துறையில் உள்ளவர்கள் நம்புவார்கள். இப்படி உண்மையான குறை எதுவும் இல்லையென்றால் வலிந்து ஒன்றை உண்டாக்க வேண்டாம். அது முதல் வரிக் கூச்சத்தைப் போலவே போலியாகிவிடும்.

இந்தத் திருத்தம் எல்லாம் பலதரப்பட்டவர்கள் படிக்கும் பொதுப் பதிவுக்கு மட்டுமே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இவ்வளவு கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ‘அம்மா, ஜெயிச்சிட்டோம்!’ என்று கத்தினால் அங்கே குறை சொல்ல ஆளில்லை. எவ்வளவு கவனமாக எழுதினாலும் யாரோ ஒருவருக்கு மனம் புழுங்கத்தான் செய்யும். அதற்கு எழுதியவர் பொறுப்பல்ல.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை ஜெயித்துவிட்டு வந்து ‘என்ன எழுதட்டும்?’ என்று கேட்டால், ‘அடக்கமாக எழுது’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். என்ன செய்தாய், யார் உதவினார்கள், எது இன்னும் சரியாகவில்லை என்று கேளுங்கள். அந்தப் பதில்களை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், தோற்ற அணியின் பிள்ளை எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் குரல் தயங்குகிறதோ அந்த வரியை நீக்கிவிட்டுப் பதிவைப் போடலாம்.