உம்ரா செய்தால் ஹஜ் கடமை தீருமா?



சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் எட்டு லட்சம் ரூபாய் இருந்தது. கடன் எதுவும் இல்லை, பிள்ளைகள் எல்லோரும் சம்பாதிக்கிறார்கள். ரமளானில் மனைவி, மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகளோடு மொத்தம் ஆறு பேராக உம்ராவுக்குப் போகத் திட்டமிட்டிருந்தார். பாஸ்போர்ட் நகல்களைக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “பாய், ரமளான்ல செய்ற உம்ரா ஹஜ்ஜுக்குச் சமம்னு ஹதீஸ் இருக்குதுல்ல? அப்ப இதோட எங்க ஹஜ் கடமையும் முடிஞ்சிடும்ல?”

இந்தக் கேள்வியை நம் ஊரில் பலரும் கேட்கிறார்கள். கேட்காமலேயே அப்படி நம்பிவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். அதனால் உம்ராவில் என்ன செய்கிறோம், ஹஜ்ஜில் கூடுதலாக என்ன இருக்கிறது, ஒன்று ஏன் மற்றொன்றின் இடத்தை நிரப்பாது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

உம்ராவின் நான்கு செயல்கள்

உம்ரா என்பது இஹ்ராம், தவாஃப், ஸஃயீ, முடி களைதல் என்ற நான்கு செயல்கள்தான். மக்காவுக்குள் நுழைந்த பிறகு எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வருடத்தின் எந்த மாதத்திலும் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் மட்டும் துல்ஹஜ் 9 முதல் 13 வரையுள்ள ஐந்து நாட்களில் உம்ரா செய்வது மக்ரூஹ்.

முதலாவது இஹ்ராம். ஆண்கள் உடுத்தும் தைக்காத இரண்டு துணிகளையே நாம் இஹ்ராம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இஹ்ராம் என்பது நிய்யத். துணியை உடுத்திக்கொண்டு இரண்டு ரக்அத் தொழுதாலும், நிய்யத் செய்து தல்பியா சொல்லும்வரை ஒருவர் இஹ்ராமுக்குள் நுழைவதில்லை. நுழைந்த பிறகு நறுமணம் பூசுவது, நகம் முடி களைவது, தாம்பத்தியம் எல்லாம் தடை. பெண்கள் தங்கள் வழக்கமான உடையிலேயே இருக்கலாம். முகத்தை ஒட்டி மூடும் துணி கூடாது.

இந்த நிய்யத்தை மீக்காத் எல்லையைத் தாண்டுவதற்கு முன் செய்துவிட வேண்டும். நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சென்னையிலிருந்து ஜித்தாவுக்குப் போகும் விமானம் தரையிறங்குவதற்கு முன்பே, வானத்திலேயே மீக்காத்தைத் தாண்டிவிடுகிறது. இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிவிட்டு, ‘ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி நிய்யத் இல்லாமல் எல்லையைத் தாண்டியவர் மீக்காத்துக்குத் திரும்பிப் போய் இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஹரம் எல்லைக்குள் ஓர் ஆடு அறுத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். ஆகவே துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்ளுங்கள். மீக்காத் வருகிறது என்று விமானத்தில் அறிவித்ததும் நிய்யத் செய்யுங்கள். தூங்கிவிடுவோம் என்ற பயம் இருந்தால் முன்கூட்டியே செய்துவிடலாம். பயணம் முதலில் மதீனாவுக்கு என்றால் இங்கிருந்து இஹ்ராம் தேவையில்லை. மதீனாவிலிருந்து மக்காவுக்குப் புறப்படும்போது பீர் அலி என்று சொல்லப்படும் துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது தவாஃப். ஒளுவோடு, கஃபாவை இடப்பக்கமாக வைத்து, ஹஜருல் அஸ்வத் மூலையில் தொடங்கி அதே மூலையில் முடியும்படி ஏழு சுற்றுகள். கஃபாவை ஒட்டி அரைவட்டச் சுவருக்குள் இருக்கும் ஹதீமும் கஃபாவைச் சேர்ந்ததுதான். கூட்டத்தைத் தவிர்க்க அதற்குள் புகுந்து வந்தால் அந்தச் சுற்று கணக்கில் வராது. ஷாஃபி மத்ஹபில் அந்நிய ஆண், பெண் தோல் பட்டாலே ஒளு முறியும். அந்த நெரிசலில் இது பெரிய சிரமம். இதற்கு என்ன வழி என்று புறப்படுவதற்கு முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சுற்று முடிந்ததும் இரண்டு ரக்அத் தொழுது, ஜம்ஜம் அருந்திவிட்டு ஸஃபாவுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது ஸஃயீ. நம் பெரியவர்கள் தொங்கோட்டம் என்று சொல்வது இதைத்தான். பச்சைக் குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா ஓடிய பாதை இது. ஸஃபாவிலிருந்து மர்வாவுக்குப் போவது ஒன்று, மர்வாவிலிருந்து திரும்புவது இரண்டு. இப்படி ஏழாவது நடை மர்வாவில் முடியும். போய் வருவதை ஒன்றாக எண்ணிப் பதினான்கு முறை நடந்து கால் வீங்கியவர்கள் உண்டு. ஏழாவது நடை ஸஃபாவில் முடிவதாகத் தோன்றினால் எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது என்று அர்த்தம். ஏழு நடையும் சேர்ந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். மூட்டுவலி உள்ளவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்து செய்யலாம்.

நான்காவது முடி களைதல். ஆண்கள் மொட்டை அடிப்பது சிறந்தது, குறைத்துக்கொள்வதும் செல்லும். குறைந்தபட்ச அளவு ஷாஃபி மத்ஹபில் மூன்று முடி. ஹனஃபி மத்ஹபில் தலையில் கால் பகுதி. பெண்கள் விரல் நுனியளவு கத்தரித்தால் போதும். இதோடு இஹ்ராம் நீங்குகிறது, உம்ரா முடிகிறது.

மாதவிலக்கு நாட்களில் இருக்கும் பெண்ணும் மீக்காத்தில் இஹ்ராம் கட்ட வேண்டும். தவாஃப் மட்டும் செய்யக்கூடாது. சுத்தமாகும்வரை இஹ்ராமிலேயே காத்திருந்து, குளித்துவிட்டு உம்ராவை நிறைவேற்ற வேண்டும். மக்காவில் மூன்று நான்கு நாள் மட்டும் தங்கும் பயணமாக இருந்தால் இது நெருக்கடி ஆகிவிடும். முன்பதிவு செய்யும்போதே வீட்டுப் பெண்களைக் கேட்டுத் தேதி முடிவு செய்வது நல்லது.

ஹஜ்ஜில் கூடுதலாக இருப்பவை

இஹ்ராம், தவாஃப், ஸஃயீ, முடி களைதல் நான்கும் ஹஜ்ஜிலும் உண்டு. ஆனால் ஹஜ்ஜின் உயிர்நாடி ஹரம் ஷரீஃபுக்கு வெளியே, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி அரஃபாத் மைதானத்தில் இருக்கிறது.

துல்ஹஜ் 8 அன்று ஹாஜிகள் மினாவுக்குப் போகிறார்கள். 9 அன்று அரஃபாத்தில் தங்குகிறார்கள். அன்று நண்பகல் சாய்ந்ததிலிருந்து மறுநாள் ஃபஜ்ருக்குள் ஒரு கண நேரமாவது அங்கே இருக்காதவருக்கு அந்த வருட ஹஜ் இல்லை. இதற்கு எந்தப் பரிகாரமும் கிடையாது. இன்னொரு வருடம் வந்துதான் செய்ய வேண்டும். அன்றிரவு முஸ்தலிஃபா. 10 அன்று மினாவில் பெரிய ஜம்ராவில் ஏழு கல் எறிதல், குர்பானி, முடி களைதல், மக்கா வந்து கடமையான தவாஃப். 11, 12 ஆகிய நாட்களில் மூன்று ஜம்ராக்களிலும் ஏழு ஏழாக நாளுக்கு இருபத்தொரு கல். தங்குபவர்களுக்கு 13-ம் உண்டு. ஊர் திரும்புமுன் விடைபெறும் தவாஃப்.

வேறுபாடு இப்போது தெளிவாகும். உம்ராவில் அரஃபாத் இல்லை, மினா இல்லை, கல்லெறிதல் இல்லை. குறிப்பிட்ட நாளும் இல்லை. இன்று முடியாவிட்டால் நாளை செய்யலாம். ஹஜ்ஜுக்கு இடமும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. கடமை என்ற அளவிலும் வித்தியாசம் உண்டு. வசதியும் சக்தியும் உள்ளவருக்கு ஆயுளில் ஒரு முறை ஹஜ் ஃபர்ளு என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. உம்ரா ஷாஃபி மத்ஹபில் ஆயுளில் ஒரு முறை கடமை, ஹனஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்.

உம்ரா விசாவில் போய் அப்படியே தங்கி ஹஜ்ஜும் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹஜ்ஜுக்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவருக்குக் கூடாரமும் இல்லை, பேருந்தும் இல்லை. 2024 ஹஜ்ஜின் கடும் வெயிலில் இறந்த 1301 பேரில் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து நிழலின்றி நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது.

அந்த ஹதீஸின் பொருள்

ஹஜ்ஜுக்கு வர வாகன வசதி கிடைக்காமல் போன அன்சாரிப் பெண்மணி ஒருவருக்கு ஆறுதலாக, ரமளானில் செய்யும் உம்ரா ஹஜ்ஜுக்கு ஈடாகும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இது நன்மையில் கிடைக்கும் ஈடு, கடமையில் அல்ல என்பதே இமாம்களின் விளக்கம். நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. இக்லாஸ் சூரா குர்ஆனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம். அதற்காக, முழுக் குர்ஆனையும் ஓதுவதாக நேர்ச்சை செய்தவர் ‘குல்ஹுவல்லாஹு’வை மூன்று முறை ஓதிவிட்டு நேர்ச்சை தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

பெரியவரின் கணக்கு

அவரிடம் நாங்கள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினோம். அவர் விசாரித்து வந்த விலைப்படி ரமளானில் ஆறு பேர் உம்ரா சென்றால் ஏழு லட்சத்துக்கு மேல். கையில் ஒரு லட்சம்கூட மிஞ்சாது. ஹஜ் கமிட்டி மூலம் அவரும் மனைவியும் மட்டும் ஹஜ்ஜுக்குப் போனால், அண்மை ஆண்டுகளின் செலவைப் பார்க்க, எட்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

ஹஜ்ஜுக்குப் புறப்படும் காலத்தில் வசதி இருந்தும் போகாதவருக்கு, பிறகு பணம் கரைந்துவிட்டாலும் கடமை நீங்காது. அவர் மவுத்தாகிவிட்டால், ஷாஃபி மத்ஹபில் வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் முன் அதிலிருந்து பதிலி ஹஜ்ஜுக்குச் செலவு செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவர் வசிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் செய்ய வேண்டும். செய்த உம்ராக்கள் எத்தனை இருந்தாலும் இந்தக் கணக்கில் கழியாது.

இன்னொன்றையும் சொன்னோம். இந்திய ஹாஜிகளில் பெரும்பாலோர் செய்வது தமத்துஃ. முதலில் போனதும் உம்ரா செய்து இஹ்ராமைக் கழற்றிவிட்டு, துல்ஹஜ் 8 அன்று ஹஜ்ஜுக்கு மறுபடி இஹ்ராம் கட்டுவார்கள். ஆக, ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கு உம்ராவும் கிடைத்துவிடுகிறது. உம்ராவுக்குப் போகிறவருக்கு ஹஜ் கிடைப்பதில்லை.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “பேரப்பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேனே பாய்” என்றார். பிறகு பாஸ்போர்ட் நகல்களில் நான்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவருடையதும் அவர் மனைவியுடையதும் ஹஜ் விண்ணப்பத்துக்காக எங்கள் கோப்பில் இருக்கின்றன.

ஹஜ் கடமையாகாதவர், வசதி குறைந்தவர், ஏற்கனவே ஹஜ் செய்தவர் உம்ராவுக்குப் போவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போதுமான பணம் கையில் இருப்பவர் மட்டும், உம்ராவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் கடமைகளை உரிய நேரத்தில் நிறைவேற்ற அருள்புரிவானாக. ஆமீன்.

— செயலாளர்