உதரவிதானத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பிறை

நுரையீரலையும் இதயத்தையும் பார்ப்பதற்காகத்தான் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் வயிற்று வலியில் துடித்துக்கொண்டு வரும் ஒருவருக்கும் டாக்டர்கள் மார்பு எக்ஸ்ரே எழுதிக் கொடுப்பது உண்டு. வலிப்பது வயிறு, படம் எடுப்பது மார்பு! அதிலும் படுக்க வைத்து எடுக்கக் கூடாது, நிமிர்த்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சீட்டில் குறித்திருப்பார்கள். ஏன் இப்படி?

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வயது 45. பல மாதங்களாக முதுகு வலி. வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்பதால் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறார், சில நாள் வெறும் வயிற்றிலேயே. வலியை உண்டாக்கும் ஒரு வேதிப்பொருளை உடல் தயாரிக்க விடாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்தான், இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கும் வழவழப்பான படலத்தையும் சுரக்க வைக்கிறது. மாத்திரை இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடும். படலம் மெலியும், அமிலம் சுவரைத் தொடும், புண் உண்டாகும். வலி மாத்திரையே தொடாதவர்களுக்கும் இந்தப் புண் வரும். அதற்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணம். இதைக் கண்டுபிடித்ததற்காக ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொத்தனாருக்குப் புண் வந்த இடம், இரைப்பையைத் தாண்டியவுடன் தொடங்கும் முன்சிறுகுடலின் முன்பக்கச் சுவர். புண் நாளுக்கு நாள் ஆழமாகி, ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மறுபக்கம் வரை துளைத்துவிடுகிறது. அந்த நொடியை அவர் மறக்கவே மாட்டார். மேல் வயிற்றில் சுரீரென்று தொடங்கிய வலி சிறிது நேரத்தில் வயிறு முழுக்கப் பரவுகிறது. அசைந்தால் வலி கூடுகிறது. அதனால் புரளாமல் கொள்ளாமல் அப்படியே கிடக்கிறார். வலது தோள்பட்டை நுனியும் வலிக்கிறது. தோளில் அடி எதுவும் படவில்லையே! மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் தோலிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் சேருகின்றன. உதரவிதானத்தின் அடியில் அமிலம் பட்டு எரியும்போது, எரிவது தோள் என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

விடியற்காலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறார். தசைகள் விறைத்துக் கிடக்கின்றன. அழுத்தினால் உள்ளே போகவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் குடலின் வழக்கமான களகள சத்தம் கேட்கவில்லை. குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் டாக்டருக்கு அப்போதே வந்துவிடுகிறது. அதை உறுதிப்படுத்தத்தான் எக்ஸ்ரே.

நாம் சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் கொஞ்சம் காற்றையும் விழுங்குகிறோம். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களும் வாயு உண்டாக்குகின்றன. ஆகவே குடலுக்கு உள்ளே காற்று இருப்பது இயல்பு. ஆனால் குடல், கல்லீரல், மண்ணீரல் எல்லாம் அடங்கியிருக்கும் வயிற்றறையில், அதாவது குடலுக்கு வெளியே, காற்று துளியும் இருக்காது. உறுப்புகள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொள்ளக் கொஞ்சம் நீர் மட்டுமே இருக்கும். அங்கே காற்று தென்பட்டால், அது எங்கிருந்தோ தப்பி வந்திருக்க வேண்டும். ஓட்டை வழியாக அமிலமும் உணவும் வெளியேறும்போது காற்றும் கூடவே வெளியேறுகிறது.

தப்பிய காற்று எங்கே போகும்? ஒரு தண்ணீர் பாட்டிலை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி இறுக மூடுங்கள். படுக்க வைத்தால் உள்ளே உள்ள காற்று நீளவாக்கில் மெல்லிதாகப் பரவிக் கிடக்கும். நிமிர்த்துங்கள், முழுதும் மூடிக்குக் கீழே ஒன்றுசேர்ந்துவிடும். வயிற்றறையிலும் இதுதான் நடக்கிறது. மனிதர் படுத்திருந்தால் காற்று தொப்புளுக்குப் பின்னால் பரவியிருக்கும். முன்னிருந்து எடுக்கும் படத்தில் குடலுக்குள் இருக்கும் காற்றோடு கலந்து தெரியாமல் போகும். நிமிர்த்தினால் வயிற்றறையின் கூரைக்கு ஏறிவிடும். அந்தக் கூரைதான் உதரவிதானம். மேல்நோக்கி வளைந்த தசை அது.

உறுப்புகளுக்கு இடையே புகுந்து காற்று மேலே வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால்தான் எக்ஸ்ரே டெக்னீஷியன் கொத்தனாரைத் தலையணை வைத்துச் சாய்த்து, பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார வைக்கிறார். அந்த வலியில் பத்து நிமிடம் என்பது கொடுமைதான். ஆனால் அவசரப்பட்டு உடனே எடுத்த படம் ஏமாற்றிவிடலாம். பொறுமையாகக் காத்திருந்து எடுத்தால் 1 அல்லது 2 மில்லிலிட்டர் காற்றைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

இப்போது படத்தைப் பார்ப்போம். காற்று எக்ஸ்ரே கதிர்களைத் தடுக்காது. அதனால் கறுப்பாகத் தெரியும். எலும்பு நிறையத் தடுக்கும், வெள்ளை. தசை, கல்லீரல், இரத்தம் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு தடுப்பதால் ஒரே வெளிர் நிறம். ஆகவே தசையும் கல்லீரலும் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே எல்லை தெரியாது. வேறு வேறு நிறம் கொண்டவை தொடும் இடத்தில்தான் ஓரம் தெரியும்.

நல்ல உடல்நிலையில் உள்ளவரின் படத்தில் உதரவிதானத்தின் மேல் ஓரம் மட்டுமே தெரியும். மேலே நுரையீரலின் காற்று கறுப்பாக இருப்பதுதான் காரணம். அதன் கீழ் ஓரம் தெரியாது. வலப்பக்கம் கீழே கல்லீரல் ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒரே வெள்ளைத் திட்டாகக் கிடக்கும். உதரவிதானம் எவ்வளவு தடிமன் என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கொத்தனாரின் படத்தை விளக்குப் பலகையில் மாட்டுகிறார்கள். நம்மைப் பார்த்து நிற்பவரைப் பார்ப்பதுபோலவே படத்தை வைப்பது வழக்கம்; அதனால் அவருடைய வலப்பக்கம் நம் இடக்கைப் பக்கம் வரும். அங்கே கல்லீரலின் மேற்புறத்தையும் உதரவிதானத்தையும் பிரித்துக்கொண்டு ஒரு கறுப்புப் பிறை. மேலே நுரையீரலின் கறுப்பு, கீழே பிறையின் கறுப்பு, நடுவில் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடுதான் உதரவிதானம். இதுவரை ஒளிந்திருந்த கீழ் ஓரம் இப்போது தெரிகிறது. எனக்குக் கறுப்புப் பிறையைவிட இந்த மெல்லிய கோடுதான் ஆச்சரியம் தருவது.

வயிற்றையே படம் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அப்போது கதிர்களைத் தொப்புள் பக்கம் குறிவைப்பார்கள். உதரவிதானம் படத்தின் மேல் விளிம்பில் ஒதுங்கிவிடும். கதிர் அதைச் சாய்வாகக் கடக்கும்போது மெல்லிய காற்று மறைந்துபோகலாம். மார்பு எக்ஸ்ரேயில் கதிர்கள் அந்த வளைவை ஏறத்தாழக் கிடைமட்டமாகக் கடப்பதால் காற்று தெளிவாகத் தெரியும்.

கறுப்பைப் பார்த்த உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. இடப்பக்க உதரவிதானத்துக்குக் கீழே இரைப்பை இருக்கிறது. அதற்குள் காற்றுக் குமிழி எப்போதும் இருக்கும். அங்கே உதரவிதானத்தோடு இரைப்பையின் சுவரும் சேர்வதால் கோடு தடிமனாகத் தெரியும். குமிழிக்கு அடியில் நீர்மட்டம் நேர்கோடாகத் தெரிவதும் உண்டு. சிலருக்குக் கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே பெருங்குடலின் ஒரு வளைவு நுழைந்துகொள்ளும். 1910இல் வியன்னாவில் இதை விவரித்த கிலைடிட்டி என்ற மருத்துவரின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். அப்படி நுழைந்திருந்தால் கறுப்புக்கு உள்ளே பெருங்குடலின் மடிப்புக் கோடுகள் தென்படும். தப்பி வந்த காற்றில் மடிப்பு எதுவும் இருக்காது.

இதற்கு நேர்மாறாக ஏமாறுவதுதான் பெரிய ஆபத்து. ஓட்டை விழுந்தும் நான்கைந்து பேரில் ஒருவருக்குப் படத்தில் காற்று தெரிவதில்லை. கல்லீரலோ, குடல்களுக்கு முன்னால் தொங்கும் கொழுப்பு மடிப்போ ஓட்டையின் மேல் உடனே ஒட்டிக்கொண்டு அடைத்திருக்கலாம். பின்பக்கச் சுவரில் துளைத்திருந்தால் காற்று வயிற்றறைக்கு வராமலே போகலாம். ஆகவே பிறை இல்லை, ஆனால் வயிறு விறைத்திருக்கிறது என்றால் யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சிடி ஸ்கேன் எடுப்பார்கள். உட்காரவே முடியாதவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்திப் படம் எடுப்பார்கள். அப்போது வலப்பக்கம் மேலே இருக்கும். காற்று விலா எலும்புகளுக்கும் கல்லீரலுக்கும் நடுவே வந்து நிற்கும். வலப்பக்கமாகப் படுக்க வைத்தால் இரைப்பைக் குமிழி மேலே வந்து குழப்பிவிடும்.

கொத்தனாருக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் டிரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்து, கிருமிகளுக்கு எதிரான மருந்தையும் ஊசி மூலம் கொடுத்து ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். தாமதிக்க முடியாது. முதல் சில மணி நேரம் அமிலம் எரிக்கிறது. அதன்பின் கிருமிகள் பெருகி இரத்தத்தில் கலக்கத் தொடங்கும். திறந்து பார்த்தால் ஓட்டை அரை சென்டிமீட்டர்தான். குடல்களுக்கு முன்னால் உள்ள அந்தக் கொழுப்பு மடிப்பின் ஒரு துண்டை இரத்த ஓட்டம் அறுபடாமல் இழுத்து வந்து, ஓட்டையின் மேல் வைத்துத் தைக்கிறார்கள். டொரண்டோவைச் சேர்ந்த ராஸ்கோ கிரஹாம் 1937இல் எழுதிய முறை இது. பிறகு வெதுவெதுப்பான உப்புநீரை லிட்டர் கணக்கில் ஊற்றி வயிற்றறையைக் கழுவுகிறார்கள்.

மூன்றாம் நாள் இருமல் என்று மறுபடி மார்பு எக்ஸ்ரே எடுத்தால் பிறை இன்னும் இருக்கும். வயிற்றைத் திறந்தபோது வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. உடல் அதை மெல்ல மெல்லத்தான் உறிஞ்சிக்கொள்ளும். சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நாட்களில் டாக்டர்கள் பார்ப்பது நாடித்துடிப்பு இறங்குகிறதா, காய்ச்சல் இல்லையா, வயிறு தளர்ந்து மென்மையாகிறதா என்பதைத்தான். அடுத்தடுத்த படங்களில் பிறை சிறுத்துக்கொண்டே போக வேண்டும். முந்தின படத்தைவிடப் பெரிதாகியிருந்தால், தைத்த இடம் விட்டுப்போயிருக்கிறதா என்று உடனே தேடத் தொடங்குவார்கள்.