நிணநீர் முடிச்சு அறுவைக்குப் பின் கால் வீங்கினால்

வாலாஜாபேட்டையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எம்மிடம் வருவோரில் பலர், வீங்கிய காலைக் காட்டி முதலில் கேட்கும் கேள்வி, "இது யானைக்காலா?" என்பதே. யானைக்கால் நோயை நெடுங்காலம் கண்ட பகுதி இது என்பதால் அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும், புற்றுநோய்க்காக நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவருக்கு வரும் வீக்கம் வேறு. யானைக்கால் கொசுவின் வழியே பரவும் புழுவால் வருவது. இதுவோ எவருக்கும் தொற்றாது. புழுவுக்கான மாத்திரையாலும் குறையாது.

வீக்கத்தின் காரணம் எளிது. இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரின் ஒரு பகுதியும் புரதமும் நிணநீராகித் தனி நுண்குழாய்களின் வழியே தொடை இடுக்கையும் இடுப்பையும் கடந்து மேலே செல்கின்றன. காலில் புண் வந்தால் நெறி கட்டும் இடம் என்று நாம் சொல்வது அந்தத் தொடை இடுக்கு முடிச்சுகளைத்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றில் இடுப்பு முடிச்சுகளையோ தொடை இடுக்கு முடிச்சுகளையோ அகற்றும்போது அந்த வழி குறுகிவிடுகிறது. கதிர்வீச்சும் சேர்ந்தால் மேலும் குறுகுகிறது. தேங்கும் நீரில் புரதம் இருப்பதால், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளால் இவ்வீக்கம் தீருவதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதாலும் பயனில்லை. அறுவை முடிந்த சில வாரங்களிலும் இது தொடங்கலாம். சில ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம்.

எமது அனுபவத்தில் பலரிடம் காண்பதைச் சேர்த்து ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் பணிபுரியும் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து பத்து மாதங்கள் ஆகின்றன. மாலையில் இடக்கால் கனக்கிறது, கொலுசு இறுக்குகிறது, செருப்பின் வார் தடம் பதிகிறது, காலையில் எழும்போது எல்லாம் சரியாகிவிடுகிறது. 'நின்றதால், உட்கார்ந்ததால் வந்தது' என்று அவர் மூன்று மாதங்கள் காத்திருக்கிறார். அதற்குள் இரவு முழுவதும் படுத்திருந்தும் வீக்கம் வடியாத நிலை வருகிறது. கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் பத்து விநாடி அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இரண்டாம் கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளி எடுக்க முடியவில்லை.

இந்நிலையில் முதலில் நாங்கள் செய்வது அளத்தல். குதிகாலிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறியிட்டு, இரு கால்களின் சுற்றளவையும் அளவு நாடாவால் அளக்கிறோம். இப்பெண்மணிக்குக் கணுக்காலில் இடப்புறம் 27, வலப்புறம் 23 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த 4 சென்டிமீட்டர் வேறுபாடுதான் இனி எல்லா முடிவுகளுக்கும் அளவுகோல். இத்துடன் இரத்தக் குழாயில் உறைவு இல்லை என்பதையும், புற்றுநோய் திரும்பிவந்து வழியை அடைக்கவில்லை என்பதையும், பாதத்திற்கு இரத்த ஓட்டம் போதிய அளவு உள்ளதையும் மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் இறுக்கிக் கட்டுவது தீங்கு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் இன்றியமையாதது.

அடுத்ததாகப் பலர் செய்யும் பிழை, உடனே காலுறை வாங்கிவிடுவது. வீங்கிய காலுக்கு அளவெடுத்த காலுறை, வீக்கம் சிறிது வடிந்ததும் தளர்ந்துவிடும். எனவே முதல் இரண்டு முதல் நான்கு வாரங்கள், பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் பல அடுக்குக் கட்டுப் போடுகிறார். உள்ளே பஞ்சு அடுக்கு. மேலே குறைவாக நீளும் கட்டுத்துணி. கட்டு கால்விரல்களில் தொடங்கி மேலேறும். அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும் தொடையில் குறைவாகவும் இருக்கும். குறைவாக நீளும் துணி, அசையாதபோது மென்மையாகவும் நடக்கும்போது தசையை எதிர்த்துத் தாங்கியும் நின்று நீரை மேலே தள்ளுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கிரேப் கட்டை வீட்டிலேயே இறுக்கிச் சுற்றினால், ஓரிடத்தில் பள்ளம் விழுந்து அதற்குக் கீழ்ப் பாகம் மேலும் வீங்கும். விரல்கள் நீலமாகியோ மரத்தோ வலித்தோ போனால் எந்தக் கட்டையும் உடனே அவிழ்க்க வேண்டும்.

நாடா காட்டும் அளவு சில நாட்கள் மாறாமல் நின்றதும் காலுறைக்கு அளவெடுக்கிறோம். அதைக் காலையில் எழுந்ததும், வீக்கம் குறைவாக இருக்கும் நேரத்தில் அணிந்து, இரவில் கழற்ற வேண்டும். மேல் விளிம்பை மடித்துச் சுருட்டக் கூடாது. அது கயிறு போல இறுக்கும். இரு காலுறைகள் இருந்தால் ஒன்றைத் துவைக்கும்போது மற்றது உதவும். நெகிழ்வு குறைவதால், ஏறக்குறைய ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்ற நேரும். கத்திரி வெயிலில் இதை அணிவது கடினமே. ஆனால் வெப்பம் வீக்கத்தைக் கூட்டும் என்பதால், அம்மாதங்களில் நிறுத்தினால் இழப்பு பெரிது. பணிக்கு முன் குளித்து, உலர்ந்த காலில் அணிவது பலருக்கு எளிதாகிறது.

தோலைப் பேணுவது தொற்றைத் தடுக்கும் வழி. தேங்கிய நிணநீரில் கிருமி எளிதில் பெருகும். நாள்தோறும் மென்மையான சோப்பால் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்துங்கள். சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கி, கிருமிக்கு வாயிலாகிறது. வெள்ளையாக ஊறிய தோல் தெரிந்தால் பூஞ்சைக்கான களிம்பு கேளுங்கள். தோலில் எண்ணெயோ ஈரமூட்டும் களிம்போ இரவில், காலுறை கழற்றிய பின் தடவுங்கள். அது காலுறையின் நெகிழ்வைக் கெடுக்கும். தோல் பதனிடும் தொழிலில் ஈரத்திலும் சுண்ணாம்பிலும் நிற்பவர்கள் நீர் புகாத உயரக் காலணியின்றி இறங்க வேண்டாம். இறுகிய மெட்டியைக் கழற்றிவிடுங்கள். உள்பாவாடை நாடா இடுப்பில் தடம் பதியுமளவு இறுக வேண்டாம். வெறுங்காலுடன் நடப்பதைத் தவிருங்கள்.

உடற்பயிற்சி என்பது கடும் உழைப்பன்று. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் நிணநீர் மேலேறுகிறது. காலுறை அணிந்த நிலையில் செய்வதே பயன் தரும். முதலில் வயிறு எழ ஐந்து முறை ஆழ்ந்து மூச்செடுங்கள். இது வயிற்றில் உள்ள பெரிய நிணநீர்க் குழாயை இயக்குகிறது. பின்பு பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசையுங்கள். முழங்காலைப் பத்து முறை மடக்கி நீட்டுங்கள். நாளுக்கு இரண்டு முறை போதும். நம் தையற்பணியாளர் மணிக்கொருமுறை எழுந்து, இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலை உயர்த்தினாலே மாலைக் கனம் குறைவதை உணர்வார். வலி வந்தாலோ மறுநாள் வீக்கம் கூடினாலோ அளவைக் குறைக்க வேண்டும்.

ஆறு வாரங்களில் அவருடைய கணுக்கால் 27-இலிருந்து 24 சென்டிமீட்டராக வரலாம்; 23 ஆகாமலும் இருக்கலாம். அகற்றிய முடிச்சுகள் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே இது முழுதும் நீங்குவது அரிது. அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பதே நோக்கம்; காலுறையை ஓரிரு மாதம் கைவிட்டால் நாடா அதைச் சொல்லிவிடும்.

கீழ்க்காணும் நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். கால் சிவந்து, சூடாகி, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அது தொற்று. கட்டையும் காலுறையையும் கழற்றிவிட்டு அன்றே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்காக வாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ அது இரத்த உறைவாக இருக்கலாம். கட்டாமல், பிடித்துவிடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். சீராக இருந்த வீக்கம் காரணமின்றிக் கூடி, வலியும் சேர்ந்தால் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் காணுங்கள். வரும்போது உங்கள் அளவுக் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள்.