ஆறு பம்ப் இருபத்துநாலு ஆகும்போது: ஸ்காடா டேக்குகளுக்குப் பெயர் வைப்பது எப்படி?

ஒரு சாயப் பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் பார்த்தது இது. தொடங்கியபோது ஆறு பம்ப்தான். கண்ட்ரோல் ரூம் திரையில் `PUMP1` முதல் `PUMP6` வரை பெயர் வைத்தார்கள். இரண்டாம் வரிசை போட்டபோது `PUMP1_NEW` வந்தது. மூன்றாம் வரிசைக்கு `NEW_PUMP1`. ஒருநாள் இரவு ஷிப்டில் `PUMP1_NEW` டிரிப் ஆனதாக அலாரம் அடித்தது. புதியது என்றால் கடைசியாகப் போட்டதுதானே என்று ஆபரேட்டர் எலக்ட்ரீஷியனை மூன்றாம் வரிசைக்கு அனுப்பினார். அங்கே பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டாம் வரிசைத் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது.

ஆபரேட்டர் மேல் தப்பில்லை. பெயர் அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பியது.

டேக் என்றால் என்ன?

ஆலையில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் ஸ்காடாவில் (ஆலை முழுவதையும் ஒரே திரையில் பார்த்து இயக்க உதவும் மென்பொருள்) ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர்தான் டேக். பம்ப் ஓடுகிறதா என்பது ஒரு டேக், டிரிப் ஆனதா என்பது இன்னொன்று, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பது மற்றொன்று. ஒரு மோட்டாருக்கே பன்னிரண்டு டேக் சாதாரணமாக வந்துவிடும். 24 மோட்டார் என்றால் 288.

பெயரில் எதை வைக்க வேண்டும்?

எங்கே இருக்கிறது, என்ன பொருள், அதைப் பற்றிய எந்தத் தகவல் என்ற மூன்றும் இருந்தால் போதும். பெரிய இடத்திலிருந்து சின்னதற்கு வாருங்கள்.

```
L2_RO_M07_RUN
L2_RO_M07_TRIP
```

இரண்டாம் வரிசை, ஆர்.ஓ. பகுதி, ஏழாம் மோட்டார், ஓடுகிறதா என்று முதல் பெயரை இடமிருந்து வலமாகப் படித்துவிடலாம். அளவீட்டுக் கருவிகளுக்கு நீங்களாக எழுத்துகளைக் கண்டுபிடிக்க வேண்டாம். `PT` அழுத்தம், `FT` ஓட்டம், `LT` மட்டம் என்று ஐ.எஸ்.ஏ. 5.1 தரநிலையில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் ஆலை வரைபடத்திலும் பெரும்பாலும் அதே எழுத்துகள்தான் இருக்கும்.

`M7` என்று எழுதாமல் ஏன் `M07`? கணினி பெயர்களை அகரவரிசையில் அடுக்கும்போது `M1`-க்கு அடுத்து பல மென்பொருள்களில் `M10` வந்து நிற்கும். பட்டியலில் `M2`-ஐத் தேட வேண்டியிருக்கும். ஒரு வரிசையில் நூறைத் தாண்டும் என்று நினைத்தால் இப்போதே மூன்று இலக்கம் வையுங்கள்.

அதே `L2_RO_M07` மோட்டாரின் மேலும், ஸ்டார்ட்டர் பேனல் கதவிலும் பெயின்ட்டில் எழுதியிருக்க வேண்டும். இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது அந்த எழுத்துதான்.

எதை வைக்கக் கூடாது?

நாளை மாறக்கூடிய எதையும் வைக்காதீர்கள். `NEW` வேண்டாம், ஏனென்றால் புதியது பழையதாகிவிடும். மோட்டார் கம்பெனியின் பெயர், பி.எல்.சி. (மோட்டார்களை நேரடியாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எண், முகவரி எதுவும் வேண்டாம். பி.எல்.சி. எண்ணுக்கும் முகவரிக்கும் ஒவ்வொரு டேக்கிலும் தனிக் கட்டம் இருக்கிறது. விவரமும் அப்படித்தான். "ஆர்.ஓ. உயர் அழுத்த பம்ப்" என்பதை விவரக் கட்டத்தில் எழுதுங்கள், அலாரம் பட்டியலில் ஆபரேட்டர் படிக்கப்போவது அதைத்தான்.

பிறகு மாற்றிக்கொள்ளலாமே?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பல ஸ்காடா மென்பொருள்கள் பழைய பதிவுகளை டேக்கின் பெயரோடு கட்டித்தான் சேமிக்கின்றன. பெயரை மாற்றினால் ட்ரெண்ட் (நேரத்தோடு மதிப்பைக் காட்டும் வரைபடம்) அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காட்ட வேண்டிய ஓட்ட அளவு பழைய பெயரில் தங்கிவிடும். திரை, அறிக்கை, அலாரம் எல்லாவற்றிலும் பழைய பெயரைத் தேடி மாற்றவும் வேண்டும். ஆகவே ஓடும் ஆலையில் அவசரப்பட்டு எல்லாப் பெயரையும் மாற்றாதீர்கள். புதிய வரிசையைச் சரியான பெயரில் தொடங்கிவிட்டு, பழையதைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். பழைய பதிவு தேவைப்படும் காலம் முடியும்வரை பழைய டேக்கும் இருக்கட்டும்.

டெம்ப்ளேட் எதற்கு?

ஒரு மோட்டாருக்கு வேண்டிய பன்னிரண்டு டேக்கையும், அலாரங்களையும் ஒரே அச்சாக ஒருமுறை செய்து வைப்பதுதான் டெம்ப்ளேட். புதிய மோட்டார் வந்தால் வரிசை, பகுதி, எண் என்ற மூன்றை மட்டும் நிரப்புவீர்கள். மீதி தானாக வரும்.

முகவரி எப்படித் தானாக வரும் என்று கேட்பீர்கள். பி.எல்.சி. எழுதுபவரோடு முதலிலேயே பேசி, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரே அளவு இடம், உதாரணமாக 20 ரெஜிஸ்டர் (பி.எல்.சி.யில் ஒரு எண்ணை வைக்கும் அறை) ஒதுக்கச் சொல்லுங்கள். வரிசைக்கு ஒரு பி.எல்.சி. என்றால் கணக்கு இவ்வளவுதான்:

```
start = 1000 + (N - 1) * 20
M07   = 1000 + 6 * 20 = 1120
```

பன்னிரண்டு தகவலுக்கு ஏன் இருபது இடம்? நாளைக்கு அதிர்வு, வெப்பம் என்று ஏதாவது சேரும். நெருக்கி வைத்துவிட்டால் அன்று எல்லா மோட்டாரின் முகவரியும் நகர்ந்துவிடும். மோட்பஸ் வழியாகப் படிக்கிறீர்கள் என்றால் ஒரே கேள்வியில் அதிகபட்சம் 125 ரெஜிஸ்டர் படிக்கலாம். ஆறு மோட்டாருக்கு 120. ஒரே கேள்வியில் அடங்கிவிடும்.

ஒரு மோட்டார் மட்டும் வேறு மாதிரி இருந்தால்?

ஸ்டார்ட் கொடுத்து 5 நொடிக்குள் ஓடவில்லை என்றால் அலாரம் என்று டெம்ப்ளேட்டில் வைத்திருப்பீர்கள். பெரிய ப்ளோயருக்கு 12 நொடி வேண்டும். உடனே அந்த ப்ளோயருக்குள் போய் 5-ஐ 12 ஆக மாற்றத் தோன்றும். அப்படி உள்ளே நுழைந்து மாற்றிய இடத்துக்கு, பிறகு டெம்ப்ளேட்டில் செய்யும் திருத்தம் போய்ச் சேராது. ஆறு மாதம் கழித்து அலாரத்தை நீங்கள் திருத்தும்போது 23 மோட்டார் மாறும். ஒன்று மட்டும் பழையபடியே நிற்கும். யாருக்கும் தெரியாது.

சரியான வழி, அந்த நொடியையும் நிரப்ப வேண்டிய நான்காவது விவரமாக டெம்ப்ளேட்டிலேயே வைப்பது. அப்போது மாறுவது எண் மட்டும்; அலாரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) உள்ள மோட்டார்களுக்கு, அடிப்படை டெம்ப்ளேட்டிலிருந்து கிளையாக இன்னொன்று செய்து வேகத்தை அதில் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே டெம்ப்ளேட்டில் திணித்தால், வேகமே இல்லாத மோட்டாரிலும் வேக டேக் பிழை காட்டிக்கொண்டிருக்கும். டேக் எண்ணிக்கைக்கு லைசென்ஸ் கட்டணம் வாங்கும் மென்பொருளில் அந்த வெற்று டேக்குக்கும் பணம் போகும்.

சரியாகச் செய்தோமா என்று எப்படித் தெரியும்?

டெம்ப்ளேட்டை நம்பிச் சோதனையைக் குறைக்காதீர்கள். எண்ணைத் தவறாக நிரப்பினால் `M07`-ஐ அழுத்தும்போது `M08` ஓடும். திரையில் எந்தப் பிழையும் தெரியாது. ஒருவர் திரை முன்னும், ஒருவர் மோட்டார் பக்கத்திலும் நின்று, ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். டிரிப்பையும் பேனலில் செயற்கையாக வரவழைத்துப் பாருங்கள்.

பெயர் விதிகளை ஒரே தாளில் எழுதி கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த பம்புக்கு ஆர்டர் போடும் அன்றே அதன் பெயரையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.