சும்மா ஓடும் கம்ப்ரஸருக்கும் பில் உண்டு

இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டாலும் பல பட்டறைகளில் ஸ்க்ரூ கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காற்று தேவைப்படாதபோது அது ‘அன்லோடு’ நிலைக்குப் போய்விடும். ஆனாலும் மோட்டார் சுற்றுகிறது. முழு லோடில் இழுப்பதில் கால் பங்கோ, மூன்றில் ஒரு பங்கோ மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது.

40 கிலோவாட் இழுக்கும் ஒரு கம்ப்ரஸர் அன்லோடில் 12 கிலோவாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காலை ஆறு வரை எட்டு மணி நேரத்துக்கு 96 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஓர் இரவுக்கு 768 ரூபாய். 25 இரவுகளுக்கு 19,200 ரூபாய். மாத பில்லில் இது தனியாகத் தெரியாது.

தெரிய வேண்டுமானால் கம்ப்ரஸர் பேனலிலேயே ஒரு பவர் மீட்டர் வேண்டும். மோட்பஸ் டிசிபி பேசும் மீட்டரை ஈதர்நெட் கேபிளில் இணைத்தால், ஆபீஸ் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ரெஜிஸ்டர்களைப் படித்துச் சேமிக்கும். ஆம்பியரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அன்லோடில் பவர் ஃபேக்டர் சரிந்துவிடுவதால் ஆம்பியர் பாதியளவு காட்டும்போது கிலோவாட் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பணம் யூனிட்டுக்குத்தான், கிலோவாட்டையே பதிவு செய்யுங்கள்.

இரவு முழுக்க வரைகோடு 12-இல் படுத்திருந்தால் வீண் ஓட்டம். இடையிடையே 40-க்கு எகிறினால் எங்கோ காற்று கசிகிறது. பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் லோடு ஆனால், கம்ப்ரஸரின் திறனில் பத்தில் ஒரு பங்கு கசிவுக்கே போகிறது. முதல் சிக்கலுக்குக் கண்ட்ரோலரில் தானாக நிற்கும் நேரத்தை அமைத்தால் போதும். ஆனால் பெரிய மோட்டாரை மணிக்கு எத்தனை முறை ஸ்டார்ட் செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதைக் கையேட்டில் பார்த்துவிட்டு அமையுங்கள்.

வரும் எண்ணை உடனே நம்பவும் வேண்டாம். மூன்று சி.டி.களில் ஒன்று திருப்பி மாட்டப்பட்டால் 12 கிலோவாட் வெறும் 4 ஆகத் தெரியும். ஒரு ஃபேஸில் மட்டும் மைனஸ் கிலோவாட் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். மீட்டர் முகப்பில் சரியாகவும் கம்ப்யூட்டரில் பூஜ்யமாகவும் காட்டினால், இரண்டு ரெஜிஸ்டர்களை வரிசை மாற்றிப் படிக்கிறோமா என்று பாருங்கள்.

சி.டி.யைச் சரிசெய்பவர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும். லோடு ஓடும்போது 5 ஆம்பியர் சி.டி.யின் வயரைக் கழற்றினால் அதன் முனைகளில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் எழும். அடுத்த ஆபத்து நெட்வொர்க்கில். சாதாரண மோட்பஸ் டிசிபிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. 502 போர்ட்டை எட்டுபவர் யாரும் படிக்கலாம், பல மீட்டர்களில் அமைப்பையும் மாற்றலாம். அந்தப் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறக்கவே கூடாது.

உங்கள் மீட்டர் கணக்கை வைத்து மின்வாரிய பில்லைக் குறைக்க முடியாது. ஆனால் வாரிய மீட்டர் மீது சந்தேகம் எழுந்தால் சோதனை கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க அது ஆதாரமாக உதவும். பதில் திருப்தி தராவிட்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன்பின் மின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். நிமிட வாரியான பதிவின் நகலை மனுவோடு இணையுங்கள்.